ஐம்பது சோறு போதுமா?

‘கெளரி’ என்று ஒருவர் தட்டச்சு செய்கிறார். ‘கௌரி’ என்று இன்னொருவர் செய்கிறார். அச்சில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. கணினிக்கோ இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். முதலாவதில் ‘கெ’ என்ற எழுத்தும் அதையடுத்து ‘ள’ என்ற எழுத்தும் இருக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படித்தால் ‘கெ-ள-ரி’. இரண்டாவதில் இருப்பது ஔகாரம் ஏறிய ‘கௌ’ என்ற ஒரே எழுத்து. ஔகாரக் குறியின் வலப்பக்கத் துண்டு ளகரத்தைப் போலவே இருப்பதால், அந்த இடத்தில் ள விசையைத் தட்டிப் பழகிய கைகள் ஏராளம். அதன் விளைவாக, இணையத்தில் பௌத்தத்தைத் தேடுகிறவருக்குப் பாதிப் பக்கங்கள் கண்ணில் படாமல் போகலாம். அந்தப் பக்கங்களில் இருப்பது ‘பெளத்தம்’. தமிழ் விக்கிப்பீடியா போன்ற பெரிய கலைக்களஞ்சியத்தில் இதைக் கையால் திருத்த உட்கார்ந்தால் ஆண்டுக்கணக்கில் ஆகும். இங்கேதான் ஒரு தானியங்கி எழுதலாமே என்ற எண்ணம் வருகிறது. நியாயமான எண்ணம்தான். இந்தக் கட்டுரை அந்தத் தானியங்கியைப் பற்றியதல்ல. அது செய்த வேலையை மனிதர் ஒருவர் எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்பதைப் பற்றியது.

சரிபார்ப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். பானைக்கு அது சரி. ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே நெருப்பு. ஒரு சோறு வெந்திருந்தால் பக்கத்துச் சோறும் வெந்திருக்கும். தானியங்கியின் வேலையும் இப்படித்தானே, ஒரே விதியை ஆயிரம் இடத்தில் போடுகிறது, எனவே ஐம்பது இடத்தைப் பார்த்தால் போதும் என்று தோன்றும். ஆங்கில விக்கிப்பீடியாவில் புதிய தானியங்கிக்கு அனுமதி கேட்டால் ஒப்புதல் குழு பெரும்பாலும் சோதனை ஓட்டத்துக்குக் கொடுப்பதும் 50 தொகுப்புகள்தான். ஆனால் பழமொழியின் பாதிதான் தானியங்கிக்குப் பொருந்தும். ஒரு தொகுப்பு கெட்டிருந்தால் விதி கெட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம். அதற்கு ஒரு சோறு போதும். ஐம்பது தொகுப்பு நன்றாக இருந்தால் விதி நல்லது என்று சொல்ல முடியாது. விதி ஒன்றாக இருந்தாலும் அது விழும் இடங்கள் ஒன்றல்ல. ஒரே அடுப்பில் பச்சரிசியும் புழுங்கலரிசியும் வரகும் தனித்தனிப் பானையில் வேகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பானையிலிருந்து எடுத்த சோறு என்பதுதான் கேள்வி. எத்தனை சோறு என்பது அதற்குப் பிறகு.

நம் ஔகாரத் தானியங்கியை எடுத்துக்கொண்டு இதைப் படிப்படியாகப் பார்ப்போம். எழுதத் தொடங்குகிறவரின் கையில் முதலில் வருவது இந்த ஒற்றை வரி:

```
text.replace("ெள", "ௌ")
```

எகரக் குறியையடுத்து ளகரம் வந்தால் இரண்டையும் சேர்த்து ஔகாரக் குறியாக்கு என்று பொருள். ‘மெளனம்’ மௌனமாகிவிடும், ‘செளகரியம்’ சௌகரியமாகிவிடும். கூடவே ‘தெளிவு’ என்பது ‘தௌிவு’ ஆகும், ‘வெள்ளம்’ ‘வௌ்ளம்’ ஆகும். இந்தக் கோளாறு முதல் நான்கைந்து பக்கங்களிலேயே பல்லை இளிக்கும். வெளி, வெள்ளி, தெளிவு, கெளுத்தி என்று இந்த வடிவம் தமிழில் எங்கும் இருக்கிறது. மாற்றிய பிறகு பல திரைகளில் குறி தனியாகப் பிய்ந்து புள்ளி வட்டத்தோடு நிற்கும். இது சத்தம் போடும் பிழை. யாரும் இதைத் தவறவிட மாட்டார்கள். ஐம்பது தொகுப்பு வேண்டாம், ஐந்தே போதும். சோதனை ஓட்டம் என்ற ஏற்பாட்டுக்கு நல்ல பெயர் வாங்கித் தருவதே இந்த வகைப் பிழைதான். அந்த நல்ல பெயரை நம்பித்தான் அடுத்த கட்டத்தில் ஏமாறுகிறோம்.

எழுதியவர் விதியைத் திருத்துகிறார். ளகரத்தின் மேல் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே, வெறும் ளவாக இருந்தால் மட்டும் மாற்று என்கிறார்:

```
re.sub("ெள(?![\u0BBE-\u0BCD])", "ௌ", text)
```

இப்போது தெளிவும் வெள்ளமும் தப்பின. மீண்டும் 50 தொகுப்பு ஓடுகிறது. சரிபார்ப்பவர் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கிறார். பௌத்தம், கௌதமர், கௌரவம், மீண்டும் பௌத்தம், பௌர்ணமி. ஒரு பிழையும் இல்லை. சரி என்று எழுதிவிடுகிறார். தானியங்கி 40,000 இடங்களில் ஓடி முடிக்கிறது. எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. நடப்பு இப்படித்தான் இருக்கும்.

தவறிப்போனது பேச்சு வழக்கு. கிளம்பு என்பதை எத்தனையோ பேர் பேச்சில் ‘கெளம்பு’ என்கிறார்கள். விளக்குமாறு ‘வெளக்குமாறு’ ஆகிறது. விளங்கவில்லை என்பது ‘வெளங்கல’. கிளறு ‘கெளறு’ ஆகிறது. இவற்றில் எல்லாம் எகரத்தையடுத்து வெறும் ளகரம் வருகிறது. இவை எழுத்துப் பிழையல்ல, சொல்லே அப்படித்தான். திரைப்படத் தலைப்பு, பாடல் பட்டியல், நாட்டுப்புற வழக்கு, சிறுகதை உரையாடலின் மேற்கோள் ஆகிய இடங்களில் இவை அப்படியே எழுதப்பட வேண்டும். புதிய விதி இவற்றையெல்லாம் ‘கௌம்பு’, ‘வௌக்குமாறு’ என்று ஆக்கிவிட்டது. இதில் கொடுமை என்னவென்றால், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் திரையில் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் தெரியும். இந்தப் பக்கத்தில் அச்சாகியிருப்பதையே உற்றுப் பாருங்கள். இது சத்தம் போடாத பிழை. பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது; ‘கெளம்பு’ என்று தேடுகிறவருக்கு மட்டும் கட்டுரை கிடைக்காது. கிடைக்காத ஒன்றைப் பற்றி யாரும் புகார் செய்வதில்லை.

50 தொகுப்பில் பிழையே காணவில்லை என்பதற்குப் புள்ளியியலில் ஓர் எளிய வாசிப்பு உண்டு. ‘மூன்று விதி’ என்பார்கள். குருட்டாம்போக்கில் எடுத்த மாதிரியில் ஒரு பிழையும் தென்படாவிட்டால், 3-ஐ மாதிரியின் எண்ணிக்கையால் வகுங்கள். உண்மைப் பிழை வீதம் அந்த அளவு வரை இருக்கக்கூடும் என்று 95 விழுக்காடு உறுதியோடு வரம்பு கட்டலாம். 3-ஐ 50-ஆல் வகுத்தால் 6 விழுக்காடு. 40,000 இடங்களில் 6 விழுக்காடு என்பது 2,400. அதாவது ‘50-இல் ஒன்றும் இல்லை’ என்ற சான்றிதழ் ‘2,400 பிழை வரை இருக்கலாம்’ என்பதோடு சண்டை போடுவதில்லை. 300 பார்த்தால் வரம்பு 1 விழுக்காடு, அதாவது 400. இன்னொரு பக்கமிருந்தும் கணக்கிடலாம். பேச்சு வழக்குச் சொற்கள் 40,000-இல் 200 இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், இருநூற்றில் ஒன்று. அப்படியானால் 50 மாதிரியும் அவற்றைத் தொடாமல் தாண்டிப்போக ஏறத்தாழ 78 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. மாதிரியை ஆறு மடங்காக்கி 300 பார்த்தாலும் 22 விழுக்காடு வாய்ப்பு மிச்சம். இதற்கே ஒருவர் இரண்டு மாலைப் பொழுதை இழந்திருப்பார்.

இந்தக் கணக்கும் மாதிரி உண்மையிலேயே குருட்டாம்போக்கில் எடுக்கப்பட்டிருந்தால்தான் செல்லும். பெரும்பாலும் அப்படி எடுப்பதில்லை. தானியங்கி கட்டுரைப் பட்டியலை வரிசைப்படி நடக்கும். சோதனை ஓட்டம் என்பது அந்த வரிசையின் முதல் 50. குறியீட்டு எண் வரிசையில் எண்கள் முன்னால் வரும், ரோமன் எழுத்துகள் அடுத்து, தமிழ் எழுத்துகள் அதற்கும் பின்னால். ஆகவே முதல் 50 தொகுப்பும் ஆண்டுகளையும் எண்களையும் தலைப்பாகக் கொண்ட கட்டுரைகளில் விழுந்திருக்கலாம். ‘1956’ என்ற தலைப்பில் வெளக்குமாறு வர நியாயமில்லை. வரிசையின் தலையை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு உடம்பு முழுவதற்கும் காய்ச்சல் இல்லை என்று சொல்வது போன்றது இது.

ஆக, நான் சொல்ல வருவது ‘அதிகமாகப் பாருங்கள்’ என்பதல்ல. தொகுப்புகளை எண்ணிப் பார்ப்பதை விட்டுவிட்டு, மாற்ற வகைகளைப் பார்க்க வேண்டும் என்பதே. 40,000 மாற்றங்கள் என்பது கேட்கப் பெரிய எண். ஆனால் அவற்றில் வெவ்வேறான சொல் வடிவங்கள் எத்தனை? பெளத்தம், பெளத்த, பெளத்தர்கள், கெளதம என்ற நான்கைந்தே பாதியை விழுங்கிவிடும். எல்லா மொழியிலும் சொற்களின் கணக்கு இப்படித்தான், சில சொற்கள் ஆயிரக்கணக்கில் வரும், மீதி ஒன்றிரண்டு முறை. மொத்த வடிவங்கள் 900 என்று வைத்துக்கொள்வோம். குருட்டாம்போக்கு மாதிரி என்ன செய்கிறது என்றால், ஏற்கெனவே சரியென்று தெரிந்த பெளத்தத்தைத் திரும்பத் திரும்ப நம் தட்டில் வைக்கிறது. பதினைந்து முறை பௌத்தத்தைச் சரிபார்த்தவர் பதினைந்து சரிபார்ப்பு செய்ததாக நினைக்கிறார், செய்தது ஒன்று. இதற்குப் பதிலாகத் தானியங்கியை எழுதவிடாமல் வெறும் பட்டியல் மட்டும் போடச் சொல்லுங்கள். பழைய வடிவம், புதிய வடிவம், எத்தனை இடம், எடுத்துக்காட்டாக ஒரு வரி. 900 வரி வரும். வரிக்கு 5 நொடி என்றால் 75 நிமிடம். 40,000-இல் ஒன்றைக்கூடத் தொடாமல், எல்லா வகையையும் ஒரு முறை பார்த்தாகிவிட்டது.

அந்தப் பட்டியலை எப்படி அடுக்குவது என்பதிலும் கைப்பக்குவம் உண்டு. வழக்கமாக அதிகம் வருவதை மேலே வைப்பார்கள். தலைகீழாக வையுங்கள். ஒரே ஒரு முறை வரும் வடிவங்கள் மேலே. பிழை குடியிருப்பது வாலில்தான்; பார்க்கிறவர் புத்துணர்ச்சியோடு இருக்கும் முதல் அரைமணி நேரம் வாலுக்குப் போக வேண்டும். இரண்டாவது, கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிவதை அப்படியே காட்டினால் பார்த்தும் பயனில்லை. எழுத்தெழுத்தாகப் பிரித்துக் காட்ட வேண்டும்: ‘கெ-ள-ம்-பு’ என்பது ‘கௌ-ம்-பு’ ஆகிறது. இப்படிப் போட்டால் வாய்விட்டுப் படித்தாலே போதும். ‘கௌம்பு’ என்று எந்த ஊரிலும் யாரும் சொல்வதில்லை என்பது காதுக்கே தெரிந்துவிடும். மூன்றாவது, சொல்லை மட்டுமல்லாமல் அது உட்கார்ந்திருக்கும் இடத்தையும் தனி வகையாகப் பிரிக்க வேண்டும். ஓடும் உரைநடையில் ‘கெளரி’யைக் கௌரியாக்குவது திருத்தம். படத்தின் கோப்புப் பெயருக்குள் இருக்கும் ‘கெளரி’யைத் தொட்டால் படம் காணாமல் போகும், ஏனென்றால் கோப்பு பழைய பெயரில்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. இணைய முகவரிக்குள் தொட்டால் இணைப்பு அறுந்துபோகும். இன்னொரு கட்டுரைக்கான இணைப்பில் தொட்டால், அந்தக் கட்டுரையின் தலைப்பு பழைய எழுத்தில் இருக்கும்வரை, நீல இணைப்பு சிவப்பாகும். நூல் ஒன்றிலிருந்து எடுத்தாண்ட மேற்கோளில் மூலத்தில் உள்ளதை மாற்றலாமா என்பது கொள்கைக் கேள்வி. அதை ஒரு நிரல்வரி தீர்மானிக்கக் கூடாது. ஆகவே உரைநடை, கோப்புப் பெயர், இணைய முகவரி, உள்ளிணைப்பு, மேற்கோள் என்று ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியாக இருபது இருபது எடுத்துப் பார்க்க வேண்டும். மொத்தத்தில் அரை விழுக்காடுகூட இல்லாத கோப்புப் பெயர்களுக்கும் அதே இருபது. இதில் விகிதாசாரம் பார்க்கக் கூடாது.

பிழை கண்டபின் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பெரும்பாலான சரிபார்ப்பு வீணாகிறது. நல்ல மனம் படைத்த பயனர் ஒருவர் ‘கௌம்பு’வைப் பார்க்கிறார், கையோடு ‘கெளம்பு’ என்று திருத்திவிட்டுத் தன் வேலைக்குப் போகிறார். பொறுப்பான செயல் போலத் தோன்றும். மனிதர் செய்த பிழைக்கு அது பொறுப்பான செயல்தான். மனிதரின் கை தவறியது ஒரு முறை, திருத்தியாயிற்று, முடிந்தது. தானியங்கியின் பிழைக்கு உடன்பிறப்புகள் உண்டு. ஒன்றைக் கையால் திருத்துவதால் மீதி 199 பத்திரமாக இருக்கின்றன. அதைவிட, விதி கெட்டது என்பதற்கான ஒரே சான்றையும் திருத்தியவரே அழித்துவிடுகிறார். அடுத்த மாதம் தானியங்கி மறுபடி சுற்றுக்கு வரும்போது, அவர் திருத்திய இடத்தையும் சேர்த்து மீண்டும் ‘கௌம்பு’ ஆக்கிவிட்டுப் போகும். மனிதர் சலித்துப்போவார், தானியங்கி சலிக்காது. சரிபார்ப்பவரின் வேலை திருத்துவதல்ல, திருப்பி அனுப்புவது. கண்டவுடன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இது எந்த விதி பெற்ற பிள்ளை, இதற்கு உடன்பிறப்புகள் எத்தனை? பதில் வரும்வரை ஓட்டம் நிற்க வேண்டும். எத்தனை பிழை வந்தால் நிறுத்துவது என்பதை ஓட்டத்துக்கு முன்பே எழுதி வைப்பதும் அவசியம். பாதி வழியில் முடிவு செய்தால், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணம் தராசின் ஒரு தட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கெல்லாம் எழும் முதல் மறுப்பு, விக்கிப்பீடியாவில் யாரும் எதையும் திருத்தலாமே, பிழை இருந்தால் வாசகர்கள் நாளடைவில் சரிசெய்துவிடுவார்களே என்பது. மனிதர் செய்யும் தொகுப்புக்கு இது ஓரளவு உண்மை. ஒருவர் மாற்றியதை அண்மைய மாற்றங்கள் பக்கத்தில் பத்துப் பேர் பார்க்கிறார்கள். தானியங்கி என்று அனுமதி பெற்ற கணக்கின் தொகுப்புகளை அந்தப் பக்கம் இயல்பாக மறைத்துவிடும். காரணமும் சரியானதே, ஆயிரம் தானியங்கித் தொகுப்புக்கு நடுவே ஒரு விஷமி செய்த நாசவேலை தொலைந்துபோகக் கூடாது. ஆனால் அனுமதி என்பது அதே நொடியில் கண்காணிப்பிலிருந்து விடுதலையாகவும் ஆகிவிடுகிறது. மற்ற எவரையும்விட வேகமாக எழுதுகிறவரை மற்ற எவரையும்விடக் குறைவாகப் பார்க்கிறோம். அதோடு, காலம் தாழ்த்தினால் மீட்பும் கடினமாகிறது. தானியங்கியின் தொகுப்பு கட்டுரையின் கடைசித் தொகுப்பாக இருக்கும்வரை ஒரே சொடுக்கில் பின்னோக்கிவிடலாம். அதன்மேல் நான்கு பேர் எழுதிச் சேர்த்த பிறகு, பழைய நிலைக்குத் திரும்பினால் அவர்கள் உழைப்பும் சேர்ந்து போகும். ஒவ்வொன்றாகத்தான் பிரித்தெடுக்க வேண்டும். முதல் நாளில் பத்து நிமிட வேலை, மூன்றாம் மாதத்தில் பத்து நாள் வேலை. ‘பின்னால் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதன் விலை இது.

விலை இன்னும் பெரிதாக இருக்கக்கூடும் என்பதற்கு ஸ்வீடன் மொழி விக்கிப்பீடியாவின் வரலாறு சாட்சி. ஸ்வெர்கெர் யோஹான்சன் என்ற ஸ்வீடன் நாட்டு மொழியியலாளர் எழுதிய எல்.எஸ்.ஜே. பாட் என்ற தானியங்கி, உயிரினங்கள், ஊர்கள், மலைகள், ஏரிகள் பற்றிய தரவுத்தளங்களிலிருந்து கட்டுரைகளைத் தானே உருவாக்கியது. ஸ்வீடன் மொழி, பிலிப்பீன்சின் செபுவானோ மொழி, வாரை மொழி ஆகியவற்றில் இலட்சக்கணக்கில் எழுதித் தள்ளியது. செபுவானோ விக்கிப்பீடியா இன்று 60 இலட்சம் கட்டுரைகளைத் தாண்டி, எண்ணிக்கையில் ஆங்கிலத்துக்கு அடுத்து நிற்பது இதனால்தான். இந்தத் தானியங்கியின் நிரல் மோசமானதல்ல. கொடுத்த தரவை ஒழுங்காகவே வாக்கியமாக்கியது. கோளாறு தரவில் இருந்தது. ஊர்களுக்கும் நிலவடிவங்களுக்கும் அது நம்பிய ஜியோநேம்ஸ் தரவுத்தளம் பல நாட்டுப் பட்டியல்களை ஒன்றாகக் கோத்தது. ஒரே மலை இரண்டு பெயரில் இரண்டு பதிவாக இருந்தால் இரண்டு கட்டுரை பிறந்தது. ஆயத்தொலைவு தள்ளிப்போயிருந்தால் ஊரும் தள்ளிப்போனது. ஒரு பகுதியின் தரவு செம்மையாகவும் இன்னொரு பகுதியின் தரவு குளறுபடியாகவும் இருக்கும்போது, மொத்தத்தில் எடுத்த சிறு மாதிரி நன்றாகத்தான் தெரியும். நாடுவாரியாகப் பிரித்து, நாட்டுக்கு இருபது பார்த்திருந்தால்தான் குளறுபடி முகம் காட்டும். ஸ்வீடன் மொழி விக்கிப்பீடியா ஒரு காலத்தில் 37 இலட்சத்தையும் தாண்டியது. பின்னர் நடந்த துப்புரவில் அந்த எண்ணிக்கை பத்து இலட்சத்துக்கும் மேல் குறைந்தது.

அப்படியானால் தானியங்கியே வேண்டாமே என்று ஒரு தரப்பு சொல்லும். நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2010 முதல் இயங்கும் க்ளூபாட் என்.ஜி. என்ற தானியங்கி நாசவேலைத் தொகுப்புகளைக் கண்டு சில நொடிகளில் பின்னோக்குகிறது. அது ஓடாமல் நின்றுபோன காலங்களை ஆய்வாளர்கள் பார்த்தபோது, நாசவேலைகள் கடைசியில் மனிதர் கையால் நீங்கத்தான் செய்தன, ஆனால் நீங்க எடுத்த நேரம் ஏறத்தாழ இரு மடங்கானது. இந்தத் தானியங்கியின் அமைப்பில் கவனிக்க வேண்டியது வேறொன்று. எவ்வளவு நாசவேலையைப் பிடிக்க வேண்டும் என்று அதை எழுதியவர்கள் தொடங்கவில்லை. நல்ல தொகுப்பை எத்தனை முறை தவறாக அழித்தால் பொறுத்துக்கொள்வோம் என்பதை முதலில் வரையறுத்தார்கள். அவர்கள் தரும் கணக்குப்படி, அந்தத் தவறை 0.25 விழுக்காட்டுக்கு அனுமதித்தால் நாசவேலையில் ஏறத்தாழ 55 விழுக்காடு பிடிபடும், 0.1 விழுக்காட்டுக்கு இறுக்கினால் 40 விழுக்காடுதான் பிடிபடும். குறைவாகப் பிடித்தாலும் பரவாயில்லை என்று இறுக்கினார்கள். தவறாக அழிக்கப்பட்டவர் புகார் செய்யத் தனி வழி இருக்கிறது. அந்தப் புகார்களையும், தானியங்கி கற்றுக்கொள்ளும் எடுத்துக்காட்டுகளையும் மனிதர்கள் வகைப்படுத்துகிறார்கள். பிழையே இல்லாத தானியங்கி கிடையாது என்பதை ஒப்புக்கொண்டு, எந்தப் பிழை யார் தலையில் விழலாம் என்பதை மனிதர் தீர்மானித்த பிறகு இயந்திரம் ஓடுகிறது. நம் ஔகாரத் தானியங்கிக்கும் அதே போலச் சொல்லலாம்: திருத்தாமல் விட்ட ‘பெளத்தம்’ பத்து இருந்தால் இருக்கட்டும், கெடுத்த ‘கெளம்பு’ ஒன்றும் இருக்கக் கூடாது. ஏனென்றால் முன்னது பழைய பிழை, பின்னது நாம் செய்த பிழை.

இன்னொரு மறுப்பு கூர்மையானது. சரிபார்க்கவும் இன்னொரு தானியங்கி எழுதினால் என்ன? அகராதியைக் கையில் கொடுத்து, பழைய வடிவம் அகராதியில் இருந்தால் மாற்றாதே என்று சொல்லிவிடலாமே? சொல்லலாம், நல்ல வடிகட்டி அது, போடவும் வேண்டும். ஆனால் ‘கெளம்பு’ எந்த அகராதியில் இருக்கிறது? பேச்சு வழக்கை இலக்கணப் பிழையாகவே பார்க்கும் சொற்பட்டியல்கள்தான் நம்மிடம் பெரும்பாலும் உள்ளன. எழுதிய நிரலுக்கும் சரிபார்க்கும் நிரலுக்கும் ஒரே அகராதி என்றால் இரண்டுக்கும் ஒரே குருடு. இயந்திரம் செய்யக்கூடியது 40,000-ஐ 900 ஆகச் சுருக்கித் தருவது, அரிதானதை மேலே கொண்டுவருவது, கோப்புப் பெயரையும் மேற்கோளையும் தனியாகப் பிரிப்பது. ‘கௌம்பு’ என்று யாரும் சொல்வதில்லை என்று தெரிந்திருப்பது தமிழ் பேசுகிற காது மட்டும்.

அந்தக் காதும் தூங்கும் என்பதுதான் கடைசிச் சிக்கல், நான் பார்த்தவரை மற்றவற்றைவிடக் கடினமானதும். முந்நூறு வரி பார்த்து முந்நூறும் சரி என்றால், முந்நூற்றொன்றாவதை யாரும் படிப்பதில்லை. கை தானாகச் ‘சரி’யை அழுத்துகிறது. இதற்குப் பார்ப்பவரைத் திட்டிப் பயனில்லை. மனித மூளை அப்படித்தான் வேலை செய்கிறது. வழி உண்டு. பட்டியலில் வேண்டுமென்றே பத்துப் பொய்ப் பிழைகளைக் கலந்து வையுங்கள். எங்கே என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது, கலந்திருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும். பத்தில் ஒன்பதைப் பிடித்தால் அவர் ‘உண்மைப் பிழை ஒன்றும் இல்லை’ என்று சொல்வதை நம்பலாம். பத்தில் ஐந்தைத்தான் பிடித்தார் என்றால், அவர் கண்ட உண்மைப் பிழைகளும் பாதிதான் என்று எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் பட்டியலைக் கொடுக்க வேண்டும். இது அவமானப்படுத்துவதாகாது, தராசில் பொருளை வைப்பதற்கு முன் படிக்கல்லை வைத்துப் பார்ப்பதைப் போன்றது. இதைத் தன்னார்வலர்களிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குவார்கள். ஓர் இரவில் நடந்த 40,000 மாற்றங்களைப் பின்னோக்கச் சொல்லி அதே தன்னார்வலர்களிடம் கேட்பதைவிட இது எளிது.

விதி ஒருமுறை தேறிவிட்டால் காலம் முழுவதும் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. முதல் சுற்றில் எல்லா வகையும், அடுத்தடுத்த சுற்றில் இதுவரை பட்டியலில் வராத புதிய வடிவங்கள் மட்டும். புதிய வடிவம் வந்தால் தானியங்கி எழுதாமல் காத்திருப்புப் பட்டியலில் போட்டுவிட வேண்டும். பெரும்பாலான வாரங்களில் அந்தப் பட்டியலில் நான்கைந்து சொற்கள் இருக்கும். ஒரு நிமிட வேலை. விதியில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும், ‘சின்ன மாற்றம்தான்’ என்று சொல்லி 75 நிமிடத்தை மிச்சப்படுத்தக் கூடாது. மேலே காட்டிய இரண்டு நிரல்வரிகளுக்கும் இடையே உள்ளதும் சின்ன மாற்றம்தான்.

வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் அண்மைய மாற்றங்கள் பக்கத்தைத் திறந்து, முகவரியின் வினவல் பகுதியில் `hidebots=0` என்று சேர்த்தால், மறைத்து வைத்திருக்கும் தானியங்கித் தொகுப்புகளும் பட்டியலில் வரும். பத்தைத் திறந்து, மாற்றிய சொல்லை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தவறு கண்டால் நீங்களே திருத்திவிட்டுப் போகாதீர்கள். அந்தத் தொகுப்பின் இணைப்போடு, தானியங்கியை இயக்குபவரின் பேச்சுப் பக்கத்தில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்.